போன், லேப்டாப் இரண்டுக்கும் ஒரே இயர்பட்ஸ்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகமொன்றில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. லேப்டாப்பில் வெளிநாட்டு பையரோடு மீட்டிங் முடியும் முன்பே, "சேம்பிள் ரெடிங்க, வந்து பார்க்கிறீங்களா?" என்று சாயப்பட்டறையிலிருந்து போன் வரும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் பாட்டு. இந்த வேலைக்கு மல்டிபாயின்ட் வசதியுள்ள இயர்பட்ஸ்தான் சரிப்பட்டு வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடும் அது இணைப்பில் இருக்கும்.

பல மாடல்களில் இந்த வசதி அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இயர்பட்ஸின் செயலியில் `Dual connection` போன்ற பெயரில் இருப்பதை முதலில் ஆன் செய்யுங்கள். போனோடு பேர் செய்த பிறகு, மறுபடியும் பேரிங் நிலைக்குக் கொண்டுபோய் லேப்டாப்போடு சேர்த்துவிடுங்கள். அப்போது போன் விலகியிருந்தால், அதன் புளூடூத் பட்டியலில் இயர்பட்ஸ் பெயரைத் தொட்டால் போதும். அதன்பின் டப்பாவைத் திறந்தாலே பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

இணைப்பு இரண்டு என்றாலும் பாட்டுக்கு வழி ஒன்றுதான். போனில் பாட்டு ஓடும்போது லேப்டாப்பில் வீடியோவைத் தட்டினால், பல மாடல்களில் வீடியோ ஊமையாக ஓடும். போனில் பாட்டை நிறுத்துங்கள். ஓரிரு நொடியில் லேப்டாப் சத்தம் வந்துவிடும். முதலில் இங்கே நிறுத்து, பிறகு அங்கே ஓட்டு என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் குழப்பமே இல்லை. அழைப்புக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. போன் அடித்தால் லேப்டாப் பாட்டு தானாக ஒதுங்கிவிடும்.

போனில் பாட்டின் நேரம் நகர்கிறது, காதில் ஒன்றும் விழவில்லை என்றால் லேப்டாப்பைத்தான் பார்க்க வேண்டும். பிரவுசரில் ஏதோ ஒரு டேபில் சத்தமின்றி ஓடும் வீடியோகூட வழியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். மெயில் வரும்போதெல்லாம் பாட்டு அறுபட்டால், காரணம் விண்டோஸின் அறிவிப்பு மணி. விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி `mmsys.cpl` என்று தட்டச்சு செய்து Enter தட்டுங்கள். `Sounds` பக்கத்தில் `No Sounds` என்பதைத் தேர்ந்தெடுத்து `OK` கொடுத்தால் அந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

மீட்டிங் முடிந்தும் லேப்டாப் பாட்டு பழைய ரேடியோ மாதிரி மந்தமாகக் கேட்டால், ஏதோ ஒரு செயலி மைக்கை இன்னும் விடவில்லை என்று அர்த்தம். மைக் இயங்கும்வரை புளூடூத் அழைப்புக்கான தரத்திலேயே நிற்கும். மீட்டிங் செயலியை முழுக்க மூடினால் தெளிவு திரும்பிவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஏர்பாட்ஸ் தானாக மாறுவதெல்லாம் ஒரே கணக்கில் உள்ள ஆப்பிள் கருவிகளுக்குள்தான். விண்டோஸ் லேப்டாப்புக்கு அது உதவாது. பல கருவிகளை நினைவில் வைத்துக்கொள்வதும் மல்டிபாயின்ட் ஆகாது. கோவை காந்திபுரத்துக் கடைக்குப் போனாலும் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு திரையிலும் ஒரே சமயத்தில் `Connected` என்று காட்டினால் மட்டும் பணம் கொடுங்கள்.