ரூட் கெனாலுக்கு நடுவே புகையிலைப் பேச்சு

புதிதாகக் கிளினிக் தொடங்கிய பல் மருத்துவர்கள் புகையிலைப் பேச்சுக்கென்று தனி நாள் தேட வேண்டியதில்லை. ரூட் கெனாலுக்கு வருகிறவர் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வந்தாக வேண்டும். முதல் முறை மூன்று நிமிடம் ஒதுக்கினால் போதும், மீதிச் சந்திப்புகள் தாமாகவே அமைந்துவிடும்.

கேள்வியிலேயே பலர் கோட்டைவிடுகிறார்கள். "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றால் புகையிலை அடக்குகிறவர் இல்லை என்பார், அதில் பொய்யும் இல்லை. "பீடி, சிகரெட், வெத்தலையோட போயலை, பாக்கெட்டு... எது பழக்கம்ண்ணா?" என்று கேளுங்கள்.

நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழ் இடப்புறம் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் சுருக்கம் விழுந்த வெள்ளைத் திட்டு. அந்த இடத்தில் மட்டும் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. கைக்கண்ணாடியைக் கொடுத்து, "இங்கதானே அடக்குறீங்க?" என்று காட்டுங்கள். புற்றுநோய்ப் படங்களைவிட அவருடைய வாயே அவரிடம் நன்றாகப் பேசும். பிறகு, "இதை நிறுத்திடுங்கண்ணா, நான் கூட இருக்கேன்" என்று ஒரே வரி.

அடுத்து, நிறுத்தும் எண்ணம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வற்புறுத்தாமல் அடுத்த முறை மறுபடி கேளுங்கள். உண்டு என்றால் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் குறியுங்கள், எந்த நாள் என்று அவரே சொல்லட்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பாக்கெட்டைப் பிரிப்பவருக்கு நிக்கோடின் பிடிப்பு அதிகம். அவருக்கு நிக்கோடின் சூயிங்கம் உதவும். சுருக்கென்று இறங்கும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். டீ குடித்த கால் மணி நேரத்துக்கு வேண்டாம். பாக்கால் வாய் திறப்புக் குறைந்தவருக்கு மெல்வது சிரமம், தோலில் ஒட்டும் பேட்ச் நல்லது. கட்டணமில்லாத தேசிய உதவி எண் 1800-11-2356 என்பதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

நிறுத்திய முதல் சில நாட்கள்தான் கடினம். ஆகவே அடுத்த சிட்டிங்கை அந்த வாரத்துக்குள் வையுங்கள். வாய்ப்புண் வரலாம், ஈறில் ரத்தம் கசியலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், "விட்டதாலதான் இப்படி" என்று பாக்கெட்டுக்குத் திரும்பிவிடுவார். நடுவில் போட்டுவிட்டேன் என்றால் கோபிக்காதீர்கள். எங்கே, எந்த நேரத்தில் என்று கேளுங்கள். சாரத்தில் டீ வந்த நேரம் என்பார். அந்த நேரத்தில் டீக்குப் பதில் சூயிங்கம்.

நிறுத்திய இரண்டு வாரம் கழித்து அதே திட்டைப் பாருங்கள். புகையிலையால் மட்டும் வந்த திட்டு பெரும்பாலும் மங்கத் தொடங்கியிருக்கும். மங்காவிட்டால் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். சிவப்போ, புண்ணோ, தடிப்போ முதல் நாளே தெரிந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது.