அரைப்புள்ளி யாருக்கு வேலை செய்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

டெக்னோபார்க்கில் டெக்னிக்கல் ரைட்டராகச் சேர்ந்திருக்கிறாய். ரிவ்யூவுக்குப் போன உன் ஆவணம் திரும்பி வரும்போது அதிகம் சிவந்திருக்கப்போவது புல்லட் பட்டியல்கள்தாம். ஒருவர் எல்லா வரிக்கும் முற்றுப்புள்ளி வைக்கச் சொல்வார், இன்னொருவர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார். சட்டப் பிரிவிலிருந்து பார்ப்பவர் வரிக்கு வரி அரைப்புள்ளி போட்டு, கடைசிக்கு முந்தைய வரியில் ஓர் ‘அண்ட்’ சேர்த்து அனுப்புவார். மூவரிடமும் ஆதாரம் இருக்கும், அதுதான் சங்கடம். மைக்ரோசாஃப்ட் நடைக் கையேடு ஒவ்வோர் உருப்படியையும் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்கிறது. முழு வாக்கியமென்றால் முற்றுப்புள்ளி வை, அரைப்புள்ளியும் ‘அண்ட்’, ‘ஆர்’ போன்ற இணைப்புச் சொற்களும் வரிக் கடைசியில் வேண்டாம் என்கிறது. பிரிட்டிஷ் அரசின் நடைக் கையேடோ சிறிய எழுத்தில் தொடங்கு, வரி முடிவில் எந்தக் குறியும் போடாதே என்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டம் சிறிய எழுத்தில் தொடங்கி அரைப்புள்ளியில் நிறுத்துகிறது. இவற்றுள் எது சரி என்று கேட்டுக்கொண்டிருந்தால் விடை வராது. ஒவ்வொன்றும் எந்த வகைப் பட்டியலுக்குச் சரி என்று கேட்டுப் பார்.

குறியை முடிவு செய்வது வரியின் நீளமோ பக்கத்தின் அழகோ அல்ல. பட்டியலுக்கு மேலே நிற்கும் தலைவரிக்கும் கீழே வரும் உருப்படிக்கும் உள்ள உறவே முடிவு செய்கிறது என்பது என் கட்சி. அந்த உறவு மூன்று விதமாகத்தான் இருக்க முடியும். உருப்படி தன்னளவில் முழு வாக்கியமாக இருக்கலாம், அப்போது அதற்குப் பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும் மற்ற வாக்கியங்களுக்குப்போலவே உரியவை. வெறும் பெயராக, கடைச் சிட்டையில் எழுதும் சாமானைப்போல இருக்கலாம், அதற்கு எந்தக் குறியும் தேவையில்லை. மூன்றாவது வகையில்தான் சிக்கல்: தலைவரி பாதி வாக்கியமாக நிற்க, ஒவ்வோர் உருப்படியும் அதன் மீதிப் பாதியாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த மூன்றாம் வகைக்கு நம் அரசமைப்புச் சட்டத்தின் 19(1) பிரிவைவிட நல்ல சான்று கிடைக்காது. குடிமக்கள் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று ஆங்கிலத்தில் தலைவரி தொடங்கி ஒரு நீள்கோட்டில் நிற்கிறது. பேச, கூட, சங்கம் அமைக்க என்று கீழே வரும் உருப்படிகள் சிறிய எழுத்தில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகின்றன. முற்றுப்புள்ளி கடைசி உருப்படிக்கு மட்டும்தான். ஏனென்றால் அந்தப் பட்டியல் முழுவதும் ஒரே வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்றுப்புள்ளிதான் உண்டு. காற்புள்ளி போடாமல் அரைப்புள்ளி போட்டதற்கும் காரணம் இருக்கிறது. (ஜி) உருப்படிக்குள்ளேயே தொழில், வணிகம் என்று காற்புள்ளிகள் வருகின்றன. உள்ளே ஒரு காற்புள்ளி, வெளியே ஒரு காற்புள்ளி என்றிருந்தால் ஓர் உரிமை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கலங்கிவிடும். ஆக, அந்த அரைப்புள்ளி அங்கே அலங்காரத்துக்கு நிற்கவில்லை.

இந்தப் பிரிவுக்குக் கேரளத்தோடு ஒரு தொடர்பும் உண்டு. 1950-இல் அதில் (எஃப்) என்ற உருப்படி இருந்தது, அது சொத்துரிமை. காசர்கோடு எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1970-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது எடுத்துக்காட்டிய பிரிவுகளுள் 19(1)(எஃப்)-உம் ஒன்று. 1973-இல் வந்த தீர்ப்பை எல்லோரும் அறிவோம். அதற்கப்புறம் அந்த உருப்படிக்கு என்ன ஆனது என்பதுதான் ஆவணம் எழுதுகிற உனக்குப் பாடம். 1978-இல் நாடாளுமன்றம் இயற்றிய 44-ஆம் திருத்தம் (எஃப்)-ஐ நீக்கியது. ஆனால் ஒரு வரியை அடித்ததோடு வேலை முடியவில்லை. கடைசிக்கு முந்தைய உருப்படி என்பதால் ‘அண்ட்’ (எஃப்)-இன் முடிவில் இருந்தது, உருப்படி போனால் அதுவும் போய்விடும். ஆகவே (இ) உருப்படியின் முடிவில் அந்த ஒற்றைச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று தனியாகச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. கீழே (5) ஆவது உட்பிரிவு (டி), (இ), (எஃப்) மூன்றையும் சுட்டியிருந்தது, அங்கும் (டி), (இ) என்று மாற்றினார்கள். (ஜி)-யை மட்டும் (எஃப்) என்று மேலே ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அதனால் இன்றைக்கும் (இ)-க்கு அடுத்து (ஜி)தான் நிற்கிறது. பழைய தீர்ப்புகளில் (ஜி) என்று எழுதியதெல்லாம் பொருள் மாறாமல் இருக்க அதுவே வழி.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு, அரைப்புள்ளியும் ‘அண்ட்’டும் போட்ட பட்டியல் பராமரிக்கச் செலவு பிடிப்பது என்பது. சட்டத்துக்கு அந்தச் செலவு தகும், அது அடிக்கடி மாறுவதில்லை, மாற்றும்போது ஒவ்வொரு சொல்லையும் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறார்கள். உன் மென்பொருள் கையேடு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மாறும். நடுவே ஒரு வரியைச் சேர்ப்பவர் ஒருவர், கடைசி வரியை நீக்குபவர் வேறொருவர். ஆறு மாதத்தில் ‘அண்ட்’ நடுவரியில் அநாதையாக நிற்கும், கடைசி வரி அரைப்புள்ளியோடு தொங்கும். பட்டியலின் கடைசியில் அரைப்புள்ளியைக் கண்டால் அதற்குக் கீழே ஏதோ ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். அதனால்தான் மென்பொருள் கையேடுகள் அரைப்புள்ளியைக் கைவிட்டன, சோம்பேறித்தனத்தால் அல்ல என்று நினைக்கிறேன்.

சட்டப் பிரிவுக்காரர் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார், அது நியாயமானதும்கூட. இணைப்புச் சொல்லை எடுத்துவிட்டால், எல்லாம் வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்று எப்படித் தெரியும்? ஓர் அட்சயா மையத்தில் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டியவை என்று எழுதி, கீழே ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், வாக்காளர் அட்டை நகல் என்று புல்லட் போட்டு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள். மூன்றும் வேண்டும் என்று எண்ணி ஒருவர் இல்லாத அட்டைக்கு அலைவார், ஒன்று போதும் என்று எண்ணி இன்னொருவர் வரிசையின் முனைவரை வந்து திரும்பிப்போவார். சட்டப் பிரிவுக்காரர் குறையைச் சரியாகத்தான் காட்டுகிறார். ஆனால் மருந்தை வரிக் கடைசியில் வைப்பானேன்? ‘அல்லது’ என்பதைக் கடைசிக்கு முந்தைய வரியின் வாலில் ஒளித்துவைத்தால், முதல் வரியைப் படித்துவிட்டு எழுந்தவருக்கு அது எட்டாது. அதைத் தலைவரிக்கே ஏற்றிவிடு: ‘கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சேர்க்கவும்’. இப்போது எந்த உருப்படியை நீக்கினாலும் சேர்த்தாலும் பொருள் குலையாது. பிரிட்டிஷ் அரசின் கையேட்டைப்போல வரி முடிவைத் துடைத்துவிடுவதென்றால், தலைவரி இந்தச் சுமையைத் தூக்கியே ஆகவேண்டும். குறியை நீக்கிவிட்டுத் தலைவரியை அப்படியே விடுபவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

இன்னொரு மறுப்பை உன் வயதுக்காரர்களே சொல்வார்கள்: இந்தப் புள்ளியை யார் பார்க்கிறார்கள், ஆவணம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதாதா? யார் பார்க்கிறார்கள் என்பதற்கு முதலில் விடை சொல்கிறேன், கணினி பார்க்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பூஜப்புரையிலிருந்து இயங்கும் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அப்படியோர் ஆய்வகத்துக்குக் கையேடு எழுதுகிறாய், பட்டியலில் இந்த மூன்று கட்டளைகள் வருகின்றன என்று வை:

```
cd /tmp
ls -l
cp ~/notes.txt .
```

எல்லா வரிக்கும் முற்றுப்புள்ளி என்ற விதியை இங்கே ஓட்டினால் முதல் கட்டளை `cd /tmp.` ஆகிவிடும். மாணவர் அதை அப்படியே காப்பி செய்து ஒட்டினால், அப்படி ஒரு அடைவே இல்லை என்று திரை சொல்லும். எல்லா வரியிலும் புள்ளியை எடு என்ற எதிர் விதியை ஓட்டினால் மூன்றாவது கட்டளை சாகும். அந்தப் புள்ளி வாக்கியத்தின் முடிவைக் குறிப்பதில்லை, ‘இந்த அடைவுக்குள் நகலெடு’ என்று இடத்தைச் சுட்டுவது. பெரிய எழுத்தில் தொடங்கு என்ற விதி இரண்டாவதை `Ls` ஆக்கும், லினக்ஸுக்கு அது தெரியாத கட்டளை. இதை நீ செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, வேர்டும் லிப்ரே ஆஃபிஸும் வாக்கியத்தின் முதலெழுத்தைத் தாமாகவே பெரிதாக்கும் அமைப்போடு வருகின்றன. கையேடு எழுத உட்காருமுன் அதை அணைத்துவிடு. கட்டளைகளைப் புல்லட் வாக்கியத்துக்குள் புதைக்காமல் தனி வரியில் வை. ஒரே மாதிரி என்ற வாதத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரு பட்டியலுக்குள் எல்லா வரியும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியலும் வாக்கியப் பட்டியலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்து, முன்னதில் புள்ளி இல்லாமலும் பின்னதில் புள்ளியோடும் இருந்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பதில் நான் சண்டை போடமாட்டேன். கட்டளை, கோப்புப் பெயர் போல எழுத்தின் அளவே பொருளாகும் இடங்களை விட்டுவிட்டால், அது நிறுவனத்தின் வழக்கம், அந்த வழக்கத்தின்படி நட.

கடைசியாக, தமிழில் எழுதும்போது. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்காகத் தமிழிலும் அறிவிப்புகள் எழுத வேண்டிவருகிறது, உன் கைக்கும் அப்படிப்பட்ட வேலை வரலாம். ஆங்கிலப் பட்டியலின் குறிகளை அப்படியே இறக்கிவிடாதே. நமக்குப் பெரிய எழுத்து என்பதே இல்லை, அந்தத் தலைவலி மிச்சம். மேலும், நம் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது. ‘குடிமக்கள் எல்லோருக்கும்’ என்று தலைவரியைப் பாதியில் நிறுத்தினால் ‘உரிமை உண்டு’ என்பது பட்டியல் முழுவதும் முடிந்த பிறகுதான் வரமுடியும், ஆறு வரிகளைச் சுமந்துகொண்டு வாசகர் வினைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே தலைவரியிலேயே வாக்கியத்தை முடித்துவிடு: ‘குடிமக்கள் எல்லோருக்கும் பின்வரும் உரிமைகள் உண்டு’. அப்படி முடித்ததும் மூன்றாம் வகைப் பட்டியல் தமிழில் ஏறக்குறைய மறைந்துபோகிறது, அரைப்புள்ளிக்கும் வேலை போய்விடுகிறது. மலையாளத்துக்கும் இதே கணக்குத்தான். மிஞ்சுவது பெயரும் வாக்கியமும். இங்கே அடிக்கடி நேரும் பிழை இரண்டையும் கலப்பது: ‘ஆதார் நகல். இருபக்கமும் வேண்டும்’ என்று ஒரு வரி, ‘ரேஷன் அட்டை நகல்’ என்று அடுத்த வரி. முதல் வரியின் நடுவில் புள்ளி இருக்கிறது, முடிவில் இல்லை. அங்கே புள்ளி வைத்தால் அடுத்த வரிக்கும் வைக்க வேண்டும், அதுவோ வாக்கியமே இல்லை. புள்ளியோடு மல்லுக்கட்டாமல் வரியைத் திருத்து: ‘ஆதார் நகல் (இருபக்கமும்)’.

அடுத்த முறை ரிவ்யூவில் புள்ளிக்காக வாக்குவாதம் வந்தால், தலைவரியை ஒவ்வோர் உருப்படியோடும் சேர்த்து வாய்விட்டுப் படித்துக் காட்டு. எந்த வகைப் பட்டியல் என்று மூவருக்கும் விளங்கிவிடும். எழுதும்போதும் தலைவரியை முடித்துவிட்டு அப்புறம் புல்லட் போடு.

அன்புடன்,
உன் மூத்த சகா
திருவனந்தபுரம்