கரப்பான் பண்டமும் கால் டீஸ்பூன் எள்ளும்

நம்பிக்கை: மீன், எள், முந்திரி, கோதுமை எல்லாம் கரப்பான் பண்டம். ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

இப்படிச் சொல்லும் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு மீனும் கொட்டைகளும் மூன்று வயதுவரை வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே சொன்னது. தள்ளிப்போடுவதால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2008-இல் அதுவே அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015-இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் பாதிப் பேர் முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கினார்கள். மீதிப் பேர் தொடவே இல்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்டவர்களில் 3 பேருக்குத்தான்.

மீன், எள், கொட்டை, கோதுமைக்கு இவ்வளவு உறுதியான சான்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தள்ளிப்போடுவது காப்பாற்றும் என்பதற்கும் சான்று இல்லை. ஆகவே ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கியதும் இவையும் ஒவ்வொன்றாக வரலாம். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போன குழந்தைக்கும் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதுவும் சீக்கிரம் கொடுக்க வழி கேட்கத்தான், தள்ளிப்போட அல்ல.

நம்பிக்கை: நல்லெண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறோம். எள் பழகிவிட்டது.

இது நேர்மாறாக முடியலாம். வெடித்த, புண்ணான தோல் வழியே உணவின் புரதம் நுழைந்தால் உடல் அதைப் பகையாகப் பழகும், வாய் வழியே சென்றால் உறவாகப் பழகும் என்பது லாக் முன்வைத்த கருத்து. செக்கு நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் கொஞ்சம் இருக்கும். கரப்பான் உள்ள தோலில் அதைத் தேய்க்காமல் இருப்பது நல்லது.

ஏழு மாதக் குழந்தைக்கு எள் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முழு எள் செரிக்காமல் அப்படியே வெளியேறும். எனவே வெள்ளை எள்ளை லேசாக வறுத்து, மைய அரைத்து, பழகிய கஞ்சியில் கால் டீஸ்பூன் கரைக்க வேண்டும். சளி, காய்ச்சல் இல்லாத நாளாக, காலை நேரமாக இருக்கட்டும். முதலில் கரண்டி நுனியளவு. பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றும் இல்லையென்றால் மீதி. அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தை கண் முன்னாலேயே இருக்க வேண்டும். ஊட்டிய உடனே தூங்கவைக்காதீர்கள். ஒத்துக்கொண்டால் அளவைக் கூட்டி, வாரம் இரண்டு முறையாவது தொடருங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுவதில் பயனில்லை.

முந்திரி, பாதாமையும் இப்படியே விழுதாக்கித்தான் கொடுக்க வேண்டும். முழுக் கொட்டை ஐந்து வயதுவரை மூச்சுக்குழலை அடைக்கலாம். கோதுமைக்கு ரவைக் கஞ்சி போதும்.

நம்பிக்கை: சத்துமாவில் எல்லாமே இருக்கிறது, அதையே கொடுத்தால் போதும்.

கோதுமை, முந்திரி, பாதாம், கடலை எல்லாம் கலந்த மாவு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் எதைச் சந்தேகிப்பது? தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்த பிறகு சத்துமாவுக்கு வாருங்கள்.

நம்பிக்கை: மீனை நன்றாக வேகவைத்தால் ஒவ்வாமை வராது. வந்தாலும் தோலில் தெரிந்துவிடும்.

மீனில் ஒவ்வாமை தரும் முக்கியப் புரதம் கொதிநீரிலும் அழியாது. தோல் மட்டும் சொல்லிவிடும் என்பதும் சரியல்ல. வாயைச் சுற்றி மட்டும் சிவந்து சற்று நேரத்தில் மறைந்தால், உணவு பட்ட எரிச்சலாக இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்புகள் எழும்பினால், கண், உதடு வீங்கினால், வாந்தி வந்தால் அது ஒவ்வாமையின் அடையாளம். அந்த உணவை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு வகை பலருக்குத் தெரியாது. மீன் கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும், வெளிறும், துவண்டுபோகும். ஒரு தடிப்புகூட இருக்காது. மீன் கெட்டிருக்கும் என்று விட்டுவிடுவோம். அடுத்த முறை மீன் கொடுத்ததும் அதுவே நடக்கும். அதனால் புது உணவு கொடுத்த நாளில் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். இதற்கு அலர்ஜி சிரப் உதவாது. இழந்த நீரை ஈடுசெய்ய மருத்துவமனை தேவைப்படலாம்.

மூச்சு இழுத்தால், விடாமல் இருமினால், அழுகுரல் கம்மினால், திடீரெனத் துவண்டால் சிரப்பைத் தேட வேண்டாம். 108-ஐ அழையுங்கள். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போடாமல் கைகளில் கிடத்திப் பிடித்திருங்கள். அப்போது தேவைப்படும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.