முதலில் யாரைப் பார்ப்பது?

கேள்வி: தேயிலை மலையில் குளவி கொட்டி நான்கு பேர் ஒன்றாக வந்தால் யாரை முதலில் கவனிப்பது?
– தாதிய மாணவி, ரத்தோட்டை, மாத்தளை

பதில்: அலறுபவரை அல்ல. அலற முடிகிறதென்றால் மூச்சுவழி திறந்திருக்கிறது. குரல் கம்மி, நாக்கு வீங்கி, பேச்சில்லாமல் இருப்பவரே முதல் ஆள். பெரியவரானால், தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் உடனே ஏற்ற வேண்டும். அடுத்தவர், மூச்சு இழுப்பவர். அவருக்கும் அதே மருந்துதான். மூன்றாமவர், ஓடும்போது விழுந்து இரத்தம் கசிய வந்தவர். இரத்தம் பீறிட்டால் காத்திருக்க விடாதீர்கள். உடன் வந்தவரைக் காயத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் மாஸ்லோவின் அடிப்படி, உடலின் தேவைகள். அலறுபவரின் வலியும் அதே படிதான், ஆனால் மூச்சுக்குப் பின். பயமும் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய கவலையும் மேற்படிகள். அலறியவர் திடீரென அடங்கினால் வரிசை மாறலாம். உடனே மறுபடி பாருங்கள்.