'டிக்' என்றால் முட்டை வெந்துவிட்டதா?

தருமபுரிக் கடைகளில் கிடைக்கும் முட்டையில் பெரும்பங்கு நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறது. ஹாஸ்டல் அறையில் அதை வேகவைக்கக் கெட்டிலும் ரைஸ் குக்கரும்தான் துணை. இரண்டைப் பற்றியும் தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: கெட்டில் 'டிக்' என்று அணைந்தால் முட்டை தயார்.

உண்மை: அந்தச் சத்தம் தண்ணீருக்கானது, முட்டைக்கானது அல்ல. தண்ணீர் கொதித்து ஆவி எழும்பினால் அதன் சூட்டில் வளையும் ஓர் உலோகத் தகடு சுவிட்சை அணைக்கிறது. அப்போது முட்டையின் நடுப்பகுதி இன்னும் சூடேறியே இருக்காது. சால்மோனெல்லா கிருமி சாக வேண்டுமானால் மஞ்சள் கருவும் இறுகியிருக்க வேண்டும். அதற்கு உள்ளே 70 டிகிரிக்கு மேல் சூடு போக வேண்டும்.

ஒரு லிட்டர் கெட்டிலில் இரண்டு முட்டை வேகவைப்பதாக வைத்துக்கொள்வோம். முட்டைகளைக் கரண்டியால் மெல்ல அடியில் இறக்குங்கள். போட்டால் விரிசல் விழும், வெள்ளைக் கரு நுரைத்துப் பொங்கும், கெட்டிலில் வாடை ஒட்டிக்கொள்ளும். 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டாமல், முட்டை நன்றாக மூழ்கும்படி முக்கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றுங்கள். அணைந்த பிறகு மூடியைத் திறக்காமல் 15 நிமிடம் விடுங்கள். வேகவைப்பது இந்த வெந்நீர்தான். தண்ணீர் குறைந்தால் சீக்கிரம் ஆறிவிடும். முதல் முறை ஒன்றை வெட்டிப் பாருங்கள். நடுவில் பளபளப்பாக ஈரம் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. மீதியை மறுபடி கொதிக்கவிடுங்கள்.

மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்கவிட்டால் வேகம் கூடும் என்பாரும் உண்டு. ஆவி தகட்டுக்குப் போய்ச் சேராது, கெட்டில் அணையாமல் தண்ணீரை வற்றவைத்துவிடும். வேண்டாத வேலை.

நம்பிக்கை: குக்கரில் 'வார்ம்' விளக்கு எரிந்தால் முட்டையை உள்ளேயே விட்டு வகுப்புக்குப் போகலாம்.

உண்மை: அடித்தட்டு 100 டிகிரியைத் தாண்டினால்தான் குக்கர் 'வார்ம்' நிலைக்கு மாறும். முட்டை மூழ்கத் தண்ணீர் இருக்கும்வரை அது மாறாது, கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கொதி வந்ததும் 12 நிமிடம் பார்த்து நீங்களே அணைக்க வேண்டும். அரிசியோடு சேர்த்து வேகவைப்பதானால், ஓட்டில் ஒட்டியிருக்கும் எச்சம் சோற்றில் இறங்காதபடி முட்டையை அப்போதே கழுவிப் போடுங்கள். முன்கூட்டியே கழுவி வைக்கக் கூடாது. ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். வெந்த முட்டையை, உரித்தாலும் உரிக்காவிட்டாலும், ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கோடையில் அதுவும் அதிகம்.

நம்பிக்கை: ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் போடலாம்.

உண்மை: கெட்டில் 1500 வாட், குக்கர் 700 வாட் என்றால் 230 வோல்ட்டில் சேர்ந்து ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும். அறையின் சின்ன பிளக் பாயின்ட் பெரும்பாலும் 6 ஆம்பியருக்கானது. கெட்டில் ஒன்றே அதன் எல்லையைச் சற்றுத் தாண்டுகிறது. அதை 16 ஆம்பியர் பாயின்ட்டில் தனியாகப் போடுங்கள்.