ஐந்து தருணங்களும் ஒரு ஆடிட்டும்: வகுப்பெடுக்கப் போகிற தங்கைக்கு

ஜூனியர் ஸ்டாஃபுக்குக் கை சுத்தம் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாய். கையை எப்படித் தேய்ப்பது என்பதிலிருந்து ஆரம்பிக்காதே, தங்கம். அதை அவர்கள் காலேஜிலேயே படித்துவிட்டார்கள், சுவரிலும் படம் ஒட்டியிருக்கிறது. அவர்கள் தடுமாறுவது எப்போது என்பதில்தான். மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி மாறுவதற்கு முன் முக்கால் மணி நேரம் கேட்டு வாங்கு. கான்ஃபரன்ஸ் ஹால் வேண்டாம். வார்டிலேயே காலியாக இருக்கும் ஒரு கட்டில் போதும். ஒரு ஜூனியரை அதில் படுக்க வை.

முதல் பத்து நிமிஷம் எல்லையைக் காட்டு. கட்டில், கம்பி, தலைமாட்டு லாக்கர், டிரிப் ஸ்டாண்ட், மானிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த நோயாளியின் எல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள ஐந்து தருணங்களும் இந்த எல்லையைச் சுற்றித்தான் வருகின்றன. நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒன்று. ஊசி, டிரெஸ்ஸிங், கதீட்டர் மாதிரியான சுத்தமான வேலைக்கு முன் இரண்டு. ரத்தமோ உடல் திரவமோ பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின் மூன்று. நோயாளியைத் தொட்டு முடித்த பின் நான்கு. நோயாளியைத் தொடாமல் அவரைச் சுற்றியுள்ள பொருளை மட்டும் தொட்ட பின் ஐந்து. முன்னால் வரும் இரண்டும் நோயாளியைக் காக்க, பின்னால் வரும் மூன்றும் நம்மையும் அடுத்த கட்டிலையும் காக்க. இதைச் சொல்லிவிட்டுப் பாடத்தை நிறுத்து. மிச்சத்தை நடித்துக் காட்டு.

நான் வைக்கும் காட்சி இது. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து மூன்றாம் கட்டில் அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். கை சுத்தம் செய்யவில்லை. உடனே க்ளவுஸ் போட்டுக்கொண்டு வென்ஃப்ளானில் ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார். க்ளவுஸைக் கழற்றி ஹேண்ட் ரப் போட்டுத் தேய்த்துவிட்டு, நான்காம் கட்டிலுக்குப் போய் பி.பி. பார்க்கிறார். பார்த்து முடித்ததும் மறுபடி ஹேண்ட் ரப் போட்டு, ஸ்டேஷனில் கேஸ் ஷீட் எழுதுகிறார். பிறகு திரும்பி வந்து மூன்றாம் கட்டிலின் லாக்கரை நகர்த்திவிட்டு, அப்படியே போன் எடுக்கப் போய்விடுகிறார்.

இப்போது ஜூனியர்களை எண்ணச் சொல். பெரும்பாலும் ஏழு என்பார்கள். தருணங்களை மட்டும் எண்ணினால் ஏழு சரிதான். ஆனால் ஆடிட்டில் எண்ண வேண்டியது வாய்ப்பை, அதாவது ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டிய இடத்தை. நாடி பிடிக்கும் முன் ஒன்று, தவறியது. மருந்து ஏற்றும் முன் இரண்டு, தவறியது. க்ளவுஸ் கழற்றிய பின் மூன்று: அங்கே ரத்தம் பட்டிருக்கலாம் என்பதும், மூன்றாம் கட்டிலை விடுவதும், நான்காம் கட்டிலைத் தொடப் போவதும் ஆக மூன்று தருணங்கள் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒருமுறை தேய்த்தால் மூன்றுக்கும் போதும், செய்தார். நான்காம் கட்டிலை விட்ட பின் நான்கு, செய்தார். லாக்கரைத் தொட்டுவிட்டுப் போனது ஐந்து, தவறியது. ஐந்து வாய்ப்பில் இரண்டு, 40 சதவீதம். தருணங்களை எண்ணியிருந்தால் ஏழுக்கு நான்கு, 57 சதவீதம் என்று வந்திருக்கும். அதே நர்ஸ், அதே கை, எண்ணிய முறையில் மட்டும் பதினேழு புள்ளி கூடிவிட்டது. உங்கள் மாத ஆடிட் திடீரென்று ஏறியிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படு. இன்னொன்றும் சொல்லிவிடு: நான்காம் தருணமும் ஐந்தாம் தருணமும் ஒரே வாய்ப்பில் சேர்ந்து வராது. நோயாளியைத் தொட்டிருந்தால் அது நான்கு, தொடாமல் பொருளை மட்டும் தொட்டிருந்தால்தான் ஐந்து.

இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் வலிப்பது இரண்டாவது தவறுதான். க்ளவுஸ் போட்டதால் கை சுத்தமாகிவிட்டது என்று அந்தப் பெண் உண்மையிலேயே நம்புகிறார். நாடி பிடித்த கையால் பெட்டியிலிருந்து க்ளவுஸை உருவும்போதே அதன் வெளிப்பக்கம் அழுக்காகிவிட்டது. அதோடு வென்ஃப்ளான் வாயைத் தொட்டால் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். ஆடிட்டில் க்ளவுஸுக்கு மதிப்பெண் கிடையாது. போடுவதற்கு முன் கை, கழற்றிய பின் கை, இரண்டும் தனித்தனி.

நம் எண்ணூரில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையிலிருந்து கிரீஸ் கையோடு வருவார்கள், மீன் ஏலம் முடிந்து நேராக வருவார்கள், உடம்பெல்லாம் சாம்பல் படிந்திருக்கும். அவர்களைப் பிடித்துத் தூக்கிய கையில் கண்ணுக்குத் தெரிகிற பிசுக்கு இருந்தால் ஹேண்ட் ரப் எடுபடாது. ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், பிசுக்கை எடுக்காது. அப்போது சோப்புத் தண்ணீர்தான், 40-லிருந்து 60 வினாடி. கழிச்சல் நோயாளியிடமும் சோப்பே நல்லது, சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசையாது. மற்ற நேரமெல்லாம் ஹேண்ட் ரப், 20-லிருந்து 30 வினாடி, கை தானாகக் காயும்வரை. ஈரக் கையில் ரப் போட்டால் நீர்த்துப்போகும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, தோலும் வெடிக்கும். கழுவும் சிங்க்குக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று மேஸ்திரியிடம் கேட்டு வை.

கடைசிப் பதினைந்து நிமிஷம் ஃபீட்பேக்குக்கு. ஆடிட் எடுக்கும்போது ஒரு இடத்தில் 20 நிமிஷம் நின்று பார், பத்து நிமிஷம் கூடக்குறைய இருக்கலாம். பார்த்து முடித்த அதே டியூட்டியில் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகச் சொல். "நீ 40 சதவீதம்" என்று சொல்லாதே. ஐந்து வாய்ப்பை வைத்து ஒரு ஆளை எடைபோட முடியாது. ஒரு வார்டை மாதத்துக்கு மாதம் ஒப்பிடவே சுமார் 200 வாய்ப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் ஆளிடம் சொல்ல வேண்டியது நீ கண்டதை மட்டும்: "மருந்து ஏற்றும் முன் ரப் போடலை, பாட்டில் எங்கே இருந்தது?" பதிலில் காரணம் வந்துவிடும். முக்கால்வாசி நேரம் பாட்டில் வாசலில் மாட்டியிருக்கும், டிராலியில் இருக்காது. வார்டு மீட்டிங்கில் பெயர் சொல்லாமல் தருணவாரியாகப் பலகையில் எழுது. முன்னால் வரும் இரண்டும் பின்னால் வரும் மூன்றைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் அழுக்கு பட்ட பின் கை தானாகக் கழுவப் போகும், படும் முன் போகாது. எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யார், எந்தத் தேதிக்குள் என்று அந்தப் பலகையிலேயே எழுதிவிடு. டாக்டர்களையும் சேர்த்தே எண்ணு. நர்ஸை மட்டும் எண்ணும் ஆடிட்டை ஜூனியர்கள் மதிக்க மாட்டார்கள்.

நீ நிற்பதைப் பார்த்தாலே எல்லோரும் கை தேய்ப்பார்கள், அதனால் வரும் சதவீதம் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். சரிபார்க்க ஸ்டோரில் கேள்: ஒரு மாதம் எத்தனை லிட்டர் ஹேண்ட் ரப் போயிருக்கிறது? ஆயிரம் நோயாளி-நாளுக்குக் குறைந்தது 20 லிட்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தினம் ஐம்பது கட்டில் நிரம்பும் வார்டு என்றால் 20 நாளுக்கு 20 லிட்டர், மாதம் 30 லிட்டர். உன் ஆடிட் 90 சதவீதம் காட்டி, ஸ்டோர் புத்தகம் ஐந்து லிட்டர் காட்டினால் புத்தகத்தை நம்பு. வகுப்புக்குப் போகும் முன்பே அந்தக் கணக்கை வாங்கி வைத்துக்கொள்.