பண்டகக் காப்பாளர் வேலைக்கு ஒரு விண்ணப்பம்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள பந்தலூரில் கடைவீதியும் தேயிலைத் தோட்டங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. உரக்கடை, மளிகைக்கடை, இரும்புச் சாமான் கடை ஆகியவற்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய சிப்பந்திகள் இங்கே பலர் உள்ளனர். தோட்டங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் உரம், பூச்சி மருந்து, இயந்திர உதிரிப் பாகங்கள், சாக்குகள் முதலியவற்றைக் காத்து வழங்கும் பண்டகசாலைகள் உண்டு. அவற்றின் பொறுப்பாளரையே ஸ்டோர் கீப்பர் அல்லது பண்டகக் காப்பாளர் என்கிறோம். கடைச் சிப்பந்தி ஒருவர் அந்தப் பணிக்கு விண்ணப்பிப்பது இயல்பே. ஆயினும் அத்தகைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே விதமாக இருக்கின்றன. “பத்து ஆண்டு அனுபவம் உண்டு, நேர்மையாக உழைப்பேன், குடும்பம் வறுமையில் உள்ளது” என்று எழுதி முடித்துவிடுகின்றனர். விண்ணப்பதாரருக்கு இருப்புக் கணக்கு வைக்கத் தெரியுமா என்பதே நிர்வாகி அறிய விரும்புவது. அதற்கு அந்தக் கடிதத்தில் விடை இல்லை.

ஊராட்சி உறுப்பினர்களிடம் இளைஞர்கள் கடிதம் எழுதித் தரும்படி வருவது உண்டு. ஆகையால் அந்த விடையைக் கடிதத்தில் எவ்வாறு காட்டுவது என்பதை இங்கே ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம்.

கடையும் பண்டகசாலையும்

கடையில் பொருள் வெளியே போனால் பணம் உள்ளே வருகிறது. மாலையில் பணப்பெட்டியை எண்ணினால் தவறு ஓரளவு தெரிந்துவிடும். பண்டகசாலையில் பணம் வருவதில்லை. பொருள் போகிறது, அதற்கு ஈடாகக் கையெழுத்திட்ட ஒரு சீட்டு மட்டுமே வருகிறது. எனவே அங்கே சீட்டே பணத்தின் இடத்தில் நிற்கிறது. சீட்டு இல்லாமல் ஒரு பொருளைக் கொடுத்தவர், பணம் வாங்காமல் சரக்கு விற்றவருக்குச் சமம்.

பண்டகக் காப்பாளரின் எழுத்து வேலையை நான்கு படிகளாகக் கொள்ளலாம். சரக்கு வந்தவுடன் அதை எண்ணி, விற்றவரின் பட்டியலோடு ஒப்பிட்டு, வரவுப் பதிவேட்டில் எழுதுவது முதற்படி. அதிகாரியின் கையெழுத்துள்ள கேட்புச் சீட்டின்பேரில் மட்டும் பொருளைக் கொடுப்பது இரண்டாவது. ஒவ்வொரு வரவையும் வழங்கலையும் அன்றன்றே இருப்புப் பேரேட்டில் அந்தந்தப் பொருளுக்குரிய பக்கத்தில் ஏற்றி, மீதியைக் கணக்கிடுவது மூன்றாவது. குறித்த காலத்தில் பொருள்களை நேரில் எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப்பார்ப்பது நான்காவது.

இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் உரக்கடைச் சிப்பந்திக்குப் பழக்கமானவை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உர வணிகர்கள் இருப்புப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நாள்தோறும் எழுதியவர் இருப்புக் கணக்கை அறிந்தவரே. கேட்புச் சீட்டு முறை மட்டும் அவருக்குப் புதிது. இதை மறைக்காமல் கடிதத்தில் சொல்லுவதே நல்லது.

மூன்று மூட்டைகளின் கணக்கு

திறமை உண்டு என்று சொல்லுவதைவிட, ஒரு தடவை கணக்கு ஒத்துவராதபோது என்ன செய்தோம் என்று சொல்லுவது மேலானது. பந்தலூரில் ஓர் உரக்கடையில் 2017 ஆகஸ்டு மாதத்தில் பின்வரும் நிலை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம்.

மாதத் தொடக்கத்தில் யூரியா இருப்பு 40 மூட்டை. மாதத்தில் வந்தது 100. விற்றது 78. எனவே பேரேட்டின்படி மீதி 62 மூட்டை இருக்கவேண்டும். மாத முடிவில் கிடங்கில் எண்ணியபோது 59 மூட்டைகளே இருந்தன. மூன்று குறைவு.

இந்நிலையில் பலர் செய்யும் தவறு, 62 என்பதை அடித்து 59 என்று எழுதுவதாகும். அப்படிச் செய்தால் பேரேடு தரையோடு ஒத்துவிடும். ஆனால் மூன்று மூட்டைகள் எங்கே போயின என்பது என்றைக்கும் தெரியாது. காரணத்தைத் தேடுவதற்கு முதலில் விற்பனைப் பட்டியல்களைக் கூட்டவேண்டும். கூட்டியதில் 78 சரியாகவே இருந்தது. அடுத்து வரவுகளைப் பார்க்கவேண்டும். லாரியில் வந்த சலானின் பின்புறத்தில் “2 மூட்டை கிழிசல், திருப்பி அனுப்பப்பட்டது” என்ற குறிப்பு இருந்தது. ஆனால் பதிவேட்டில் பட்டியலைப் பார்த்து 100 என்றே எழுதப்பட்டிருந்தது. உண்மையான வரவு 98. எனவே பேரேட்டு மீதி 60 ஆகிறது. இன்னும் ஒரு மூட்டையைக் காணவேண்டும். அது காணாமற் போகவில்லை. மழைக்காலத்தில் சுவரோரம் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்ட அந்த மூட்டையைப் பின்னறையில் ஒதுக்கி வைத்திருந்தனர். எண்ணும்போது அதை விட்டுவிட்டனர். ஆக, நல்ல மூட்டை 59, கெட்டியானது 1, மொத்தம் 60. கணக்கு ஒத்துவிட்டது.

மூன்று மூட்டைக் குறைவுக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். ஒன்று எழுத்தில் நேர்ந்த பிழை. மற்றொன்று எண்ணுவதில் நேர்ந்த பிழை. திருத்தம் செய்யும்போது பழைய எண்ணை அழிக்காமல், தேதியிட்டுப் புதிய வரியில் “கிழிசல் திருப்பம் 2” என்று கழித்து, உரிமையாளரின் கையெழுத்தைப் பெறவேண்டும்.

கடிதம்

மேற்கண்ட அனுபவம் உள்ளவர் தம் கடிதத்தைப் பின்வருமாறு எழுதலாம்.

அனுப்புநர்: (பெயர், முகவரி), பந்தலூர்.
பெறுநர்: மேலாளர் அவர்கள், (தொழிற்சாலையின் பெயர், முகவரி).

ஐயா,

பொருள்: பண்டகக் காப்பாளர் பணிக்கு விண்ணப்பம்.

தங்கள் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் கண்ட பண்டகக் காப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கின்றேன். பந்தலூர் கடைவீதியில் உள்ள உரக்கடை ஒன்றில் 2016 ஜூன் மாதம் முதல் சிப்பந்தியாகப் பணியாற்றி வருகிறேன். பத்தாம் வகுப்பில் தேறியுள்ளேன்.

கடையின் வரவுப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் 2017 முதல் நானே எழுதி வருகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் வைத்து, அன்றைய மீதியை அன்றே ஏற்றுகிறேன். மாத முடிவில் கிடங்கை எண்ணி ஒத்துப்பார்க்கிறேன்.

2017 ஆகஸ்டில் யூரியாவில் பேரேட்டு மீதியைவிட மூன்று மூட்டைகள் குறைவாக இருந்தன. வரவுச் சலான்களைச் சரிபார்த்து, திருப்பி அனுப்பிய இரண்டு மூட்டைகள் கழிக்கப்படாமல் இருந்ததையும், ஈரத்தால் கெட்டியான ஒரு மூட்டை எண்ணப்படாமல் இருந்ததையும் கண்டறிந்தேன். உரிமையாளரின் கையெழுத்துடன் திருத்தம் எழுதினேன். அதன்பின் சரக்கை எண்ணி முடிக்காமல் சலானில் கையொப்பம் இடுவதில்லை. மூட்டைகளை மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குகிறேன். முதலில் வந்தது முதலில் போகும்படி வைக்கிறேன்.

2018 மார்ச்சில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக மாறியபோது, பழைய மூட்டைகளுக்கும் புதிய மூட்டைகளுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்து, மீதியை மூட்டையிலும் கிலோவிலும் எழுதினேன். அவ்வாண்டு முதல் உர விற்பனைக் கருவியையும் இயக்கி வருகிறேன்.

கேட்புச் சீட்டின்பேரில் பொருள் வழங்கும் முறையும், விறகு இருப்பை எடையில் கணக்கிடும் முறையும் எனக்குப் புதியவை. அவற்றைத் தங்கள் அலுவலக முறைப்படி கற்றுக்கொள்வேன். தாங்கள் விரும்பினால் நேரில் வந்து ஒரு பக்கப் பேரேடு எழுதிக் காட்ட ஆயத்தமாக இருக்கின்றேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)

இக்கடிதத்தில் கவனிக்க வேண்டியவை

“நேர்மையானவன்” என்ற சொல் இக்கடிதத்தில் இல்லை. குறைவு ஏற்பட்டதையும் அதன் காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருப்பதே அதற்குச் சான்று. தம் கணக்கில் ஒருநாளும் பிழை வந்ததில்லை என்று எழுதுபவரை அனுபவமுள்ள மேலாளர் நம்பமாட்டார்.

மூட்டை எடை பற்றிய பத்தி சிறியதாயினும் பயன் மிக்கது. கிடங்கில் 50 கிலோ மூட்டை 40-உம், 45 கிலோ மூட்டை 60-உம் இருந்தால், மொத்தம் 100 மூட்டை. எடை 4,700 கிலோ. எல்லாவற்றையும் 50 கிலோ என்று கொண்டால் 5,000 கிலோ வரும். ஒரு மூட்டையும் குறையாமலே 300 கிலோ குறைந்ததாகத் தோன்றும். அளவை அலகு மாறும் இடத்தில்தான் பண்டகசாலைக் கணக்குகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. அதை அறிந்தவர் என்பதை இப்பத்தி காட்டுகிறது.

விறகைப் பற்றி ஒப்புக்கொண்டதும் பொருத்தமே. தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு எரிக்கும் தொழிற்சாலைகளில் அது எடைக்கணக்கில் வாங்கப்படுவது உண்டு. ஈர விறகு உலர உலர எடை குறையும். திருட்டு இல்லாமலே இருப்புக் குறையும் பொருள் அது. உரமூட்டையை எண்ணிப் பழகியவர் இதைத் தெரியும் என்று சொல்லிவிட்டால், முதல் மாதத்திலேயே அவப்பெயருக்கு ஆளாவார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடையின் பதிவேட்டையோ அதன் நகலையோ விண்ணப்பத்துடன் இணைக்கலாகாது. அதில் கடைக்காரரின் கொள்முதல் விலையும் கடன்காரர்களின் பெயர்களும் இருக்கும். ஒரு கடையின் கணக்கை வெளியே காட்டியவர் நாளை நம் கணக்கையும் காட்டுவார் என்றே மேலாளர் எண்ணுவார். மேலே கண்ட மூட்டைக் கணக்கைக்கூட உரிமையாளரின் இசைவு பெற்றே எழுதவேண்டும். மாதிரிப் பக்கம் தேவையானால், கற்பனை எண்களைக் கொண்டு புதிதாக ஒரு பக்கம் எழுதி, அது மாதிரி என்று தலைப்பிலேயே குறிப்பிடவேண்டும்.

கடைச் சிப்பந்திகள் பலரிடம் பணிச் சான்றிதழ் இருப்பதில்லை. கடை உரிமையாளரிடம் சேர்ந்த தேதி, செய்த வேலை, எழுதிய பதிவேடுகள் ஆகிய மூன்றையும் குறித்து நான்கு வரிச் சான்று கேட்டுப் பெறலாம். ஊராட்சி உறுப்பினர் சான்று அளிப்பதாயின், விண்ணப்பதாரர் இன்ன ஊரில் வசிப்பவர், இன்ன கடையில் பணியாற்றுவதைத் தாம் அறிவார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தாம் பாராத பேரேட்டுக்குத் தாம் சான்று கூற முடியாது.

நேர்முகத்தில் மேலாளர் இரண்டு சலான்களையும் மூன்று கேட்புச் சீட்டுகளையும் கொடுத்து மீதியை எழுதச் சொல்லக்கூடும். சீட்டுகளுள் ஒன்றில் கையெழுத்து இல்லாமல் இருக்கலாம். அதைக் கணக்கில் கழிக்குமுன், பொருள் உண்மையில் வழங்கப்பட்டதா, யார் சொல்லி வழங்கப்பட்டது என்று கேட்பவரே அந்தப் பணிக்கு உரியவர். விண்ணப்பதாரர் இந்தப் பயிற்சியை வீட்டிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் முன்கூட்டிச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.